நாலு நாளா, மூன்று மாதமா, அம்மாச்சி வழியா: டயப்பரை நிறுத்த உங்கள் வீட்டுக்கு எது ஒத்துவரும்?

அக்டோபர் வந்துவிட்டால் பிளேகுரூப் பெற்றோர் கேட்பது ஒரே கேள்விதான்: "டீச்சர், ஜனவரியில நர்சரி 1 போறான், இன்னும் டயப்பர்லதான் இருக்கான். என்ன பண்றது?" சிங்கப்பூரில் பாலர் பராமரிப்பு நிலையத்தில் வேலை பார்த்த காலத்தில் இதை அலுக்க அலுக்கக் கேட்டிருக்கிறேன். பதற்றத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பிளேகுரூப்பில் குறைந்தபட்ச விதிப்படி 8 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், நர்சரி 1-ல் 12 பேருக்கு ஒருவர். நனைந்த காற்சட்டையை மாற்றிவிட அங்கே கை குறைவு. ஆனால் ஜனவரி என்பது பள்ளியின் கணக்கு. பிள்ளையின் மூத்திரப்பைக்கு அந்தக் கணக்கு தெரியாது.

கடைசியில் பேச்சு மூன்று வழிகளில் வந்து நிற்கும். ஒன்று, அம்மாச்சி சொல்லும் பழைய வழி: ஒரு வயதிலிருந்தே நேரம் பார்த்து உட்கார வைப்பது. இரண்டாவது, நான்கைந்து நாள் வீட்டுக்குள்ளேயே இருந்து டயப்பரை ஒரேயடியாகக் கழற்றி எறிவது. மூன்றாவது, பிள்ளை காட்டும் போக்கிலேயே இரண்டு மூன்று மாதம் மெல்லக் கொண்டுபோவது. மூன்றிலும் பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள். உங்கள் வீட்டுக்கு எது என்பது இரண்டு விஷயத்தைப் பொறுத்தது: பிள்ளை தயாரா, பகலில் பிள்ளையோடு இருப்பது யார்.

முதலில், தயாரா என்று பார்ப்பது

18 மாதத்துக்கு முன் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அடக்கிவைக்கும் திறன் வருவதில்லை. 2 வயதிலிருந்து 3 வயதுக்குள் பெரும்பாலோர் தயாராகிறார்கள். ஆண் பிள்ளைகள் சில மாதம் பின்தங்குவது வழக்கம், அதில் கவலைப்பட ஒன்றுமில்லை.

நான் முதலில் பார்ப்பது உடம்பை. ஒன்றரை, இரண்டு மணி நேரம் டயப்பர் காய்ந்திருக்கிறதா? மத்தியானத் தூக்கத்திலிருந்து சில நாளாவது காய்ந்தபடி எழுகிறதா? இதைக் கண்டுபிடிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. இப்போதைய டயப்பர்கள் ஈரத்தை அப்படியே உறிஞ்சிவிடுவதால் பிள்ளைக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அதனால் ஒரு சனிக்கிழமை காலை டயப்பரைக் கழற்றிவிட்டுப் பருத்தி ஜட்டி மட்டும் போட்டுவிடுங்கள். நம் ஊர் வெயிலுக்கும் வீவக வீட்டு டைல்ஸ் தரைக்கும் இது ஒன்றும் பெரிய வேலை இல்லை, மாப் பக்கத்தில் இருந்தால் போதும். எத்தனை மணிக்கு நனைந்தது, எவ்வளவு என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு பெரிய குளம் என்றால் பை சேர்த்துவைக்கிறது, மொத்தமாகக் காலி செய்கிறது. தொடங்கலாம். அரை மணிக்கு ஒருமுறை சொட்டுச் சொட்டாக நனைந்துகொண்டே இருந்தால் ஒரு மாதம் பொறுத்து மறுபடி பாருங்கள்.

அடுத்தது உணர்வு. இது மூன்று படியாக வரும். முதலில் போன பிறகு சொல்வார்கள். பிறகு போகும்போதே அப்படியே நின்று கீழே குனிந்து பார்ப்பார்கள், அல்லது திரைச்சீலைக்குப் பின்னாலோ சோபா மூலையிலோ போய் ஒளிந்துகொண்டு முகம் சிவக்க ஆய் போவார்கள். கடைசியில்தான் வருவதற்கு முன் சொல்வது. பெற்றோர் பலர் இந்த மூன்றாவதற்காகக் காத்திருக்கிறார்கள். அவ்வளவு தூரம் வேண்டாம். ஒளிந்துகொள்ளும் பிள்ளைக்கு வரப்போவது தெரிகிறது, தெரிந்ததால்தான் ஒளிகிறது. இரண்டாம் படியே தொடங்கப் போதும்.

மற்றவை எளிது. காற்சட்டையைத் தானே கீழே இறக்கத் தெரிய வேண்டும். "செருப்பை எடு, அலமாரியில வை" என்று இரண்டு வேலையைச் சேர்த்துச் சொன்னால் செய்ய வேண்டும். எதற்கெடுத்தாலும் "மாட்டேன்" என்று தரையில் புரளும் வாரமாக இருந்தால் அது கடக்கட்டும். புதுக் குழந்தை பிறப்பது, வீடு மாறுவது, பணிப்பெண் மாறுவது, இவற்றுக்கு முன்னும் பின்னும் ஒரு மாதம் தள்ளிப்போடுவது நல்லது.

மூன்று வழிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

அம்மாச்சி வழியைக் கிண்டல் செய்யும் கூட்டத்தில் நான் இல்லை. "உங்களை எல்லாம் ஒரு வயசுல பழக்கிட்டேன்" என்று அவர்கள் சொல்வது பொய்யும் இல்லை. துணியைக் கையால் துவைத்த காலம் அது. நனைந்தால் பிள்ளைக்கு உறுத்தும், அம்மாவுக்கு இடுப்பொடியும். பால் குடித்த கொஞ்ச நேரத்தில், தூங்கி எழுந்ததும், காலில் உட்கார வைத்து "ஸ்ஸ்ஸ்" என்று சத்தம் கொடுப்பார்கள், பிள்ளை போய்விடும். ஆனால் அதில் நேரம் பார்த்துக்கொண்டிருப்பது பெரியவர். அந்தப் பெரியவர் இரண்டு நாள் மலேசியாவுக்குப் போனால் பழக்கமும் கூடவே போய்விடும். அமெரிக்காவில் 2003-ல் வந்த ஓர் ஆய்வு, 27 மாதத்துக்கு முன் தீவிரமாகப் பழக்கத் தொடங்கியவர்கள் முன்னதாக முடிக்கவில்லை, பழக்கும் காலம்தான் நீண்டது என்று காட்டியது. முன்னதாகத் தொடங்கியதால் கெடுதல் எதையும் அது காணவில்லை. ஆகவே முழுநேரமும் பிள்ளையோடு பொறுமையான ஒரு பெரியவர் வீட்டில் இருந்தால் இந்த வழி நடக்கும். காலை எட்டு மணிக்கு நிலையத்தில் விட்டு மாலை ஆறரைக்குக் கூட்டிவரும் பிள்ளைக்கு இது நடக்காது.

நாலு நாள் வழி வேகமானது, பிள்ளை தயாராக இருந்தால். டயப்பர் ஒரேயடியாக இல்லை என்பதால் குழப்பம் இல்லை, "இப்போ டயப்பர்ல போகலாமா, கழிப்பறையிலா" என்று பிள்ளை யோசிக்க வேண்டியதில்லை. தயாராக இல்லாத பிள்ளைக்கு இதைச் செய்தால் மூன்றாம் நாள் வீடே போர்க்களம். பிள்ளை கழிப்பறை வாசலைப் பார்த்தாலே அழும், ஆய் அடக்கும். அதைச் சரிசெய்ய மாதக்கணக்கில் ஆகும்.

மெல்லப் போகும் வழியில் சண்டை குறைவு. ஆனால் வீட்டில் ஜட்டி, நிலையத்தில் டயப்பர், வெளியே போனால் மறுபடி டயப்பர் என்று மூன்று இடத்தில் மூன்று விதமாக நடந்தால் அது மெல்ல நகராது, நின்ற இடத்திலேயே நிற்கும். இழுத்து மாட்டும் பேன்ட் டயப்பரும் இதே கதைதான். பெயர் எதுவாக இருந்தாலும் பிள்ளைக்கு அது டயப்பர். வெளியே போக வசதி, கற்றுக்கொடுக்க உதவாது.

இருவரும் வேலைக்குப் போகும் சிங்கப்பூர் வீட்டுக்கு நான் சொல்வது இரண்டும் கலந்தது: தயார் என்று உறுதியானதும் நாலு நாள் வீட்டில் தொடக்கம், பிறகு சில வாரம் நிலையத்தோடு ஒரே முறையில் தொடர்ச்சி.

என் தங்கை வீட்டில் நடந்தது

யீஷூனில் இருக்கும் என் தங்கை மகனுக்கு அப்போது 2 வயது 5 மாதம். சனிக்கிழமைச் சோதனையில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தாங்கினான், ஆய்க்கு அலமாரிப் பக்கம் ஒளிந்தான். தங்கை தீபாவளியை ஒட்டிய வாரயிறுதியைத்தான் முதலில் தேர்ந்தெடுத்தாள். வேண்டாம் என்றேன். வீடு நிறைய விருந்தாளி, முறுக்கும் குளிர்பானமும், புதுத் துணி வேறு. எந்த விசேஷமும் இல்லாத வாரத்தில் வெள்ளியும் திங்களும் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு எடுத்தாள். பிள்ளை சிங்கப்பூரராக, 7 வயதுக்குள் இருந்தால் தாய்க்கும் தகப்பனுக்கும் ஆண்டுக்கு 6 நாள் அந்த விடுப்பு உண்டு. அதைச் செலவிட இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

அதற்கு முந்தைய வாரம் டயப்பர் மாற்றுவதைக் கழிப்பறைக்குள் மாற்றினார்கள். டயப்பரில் இருந்த ஆயைக் கோப்பையில் தட்டிவிட்டு, தண்ணீர் விடும் பொத்தானை அவனையே அழுத்தச் சொன்னார்கள். தரையில் வைக்கும் சின்ன பிளாஸ்டிக் இருக்கையா, பெரிய கோப்பையின்மேல் பொருத்தும் வளையமா என்று ஒரு வாதம் நடந்தது. தரை இருக்கை பயமில்லாதது, ஆனால் கழுவ வேண்டும், நிலையத்திலும் கடைத்தொகுதியிலும் அது இருக்காது. அவர்கள் வளையத்தையும் ஒரு ஸ்டூலையும் வாங்கினார்கள். ஸ்டூல் ஏறுவதற்கு மட்டும் இல்லை. பாதம் எதிலாவது அழுந்தி, முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயர்ந்திருந்தால்தான் ஆய் சிரமமில்லாமல் வரும். கால் தொங்கினால் பிள்ளைக்கு முக்கத் தெரியாது. ஆண் பிள்ளையும் முதலில் உட்கார்ந்தே பழகட்டும்.

வெள்ளிக்கிழமை காலை டயப்பர் போனது. எழுந்ததும், சாப்பிட்டு இருபது முப்பது நிமிடத்தில், குளிக்கும் முன், தூங்கும் முன் என்று உட்கார வைத்தார்கள். வயிற்றுக்குள் சாப்பாடு போனதும் குடல் அசையும், அதனால் சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரம்தான் ஆய்க்கு நல்ல வாய்ப்பு. ஒருமுறைக்கு மூன்று நான்கு நிமிடம், வரவில்லையென்றால் எழுந்துவிடலாம். கால் மணிக்கொருமுறை இழுத்துப்போய் உட்கார வைப்பது பலரும் செய்யும் தவறு. பை நிறைவதற்குள் காலி செய்தால் நிறைவது எப்படி இருக்கும் என்றே பிள்ளைக்குத் தெரியாமல் போகும், எரிச்சல் மட்டும் வரும். "உச்சா வருதா?" என்று கேட்பதிலும் பயனில்லை. விளையாடும் பிள்ளையின் பதில் எப்போதும் "வரல". "வா, உச்சா போயிட்டு வந்து ரயில் ஓட்டலாம்" என்றால் வருவான்.

முதல் நாள் பெரும்பாலும் தரைதான். தங்கை இரவு போன் செய்து அலுத்துக்கொண்டாள். நனைந்தால் திட்டவில்லை, கொஞ்சவும் இல்லை. "உச்சா கீழ போயிடுச்சு, வா மாத்தலாம்" என்று சொல்லி, ஜட்டியை அவனையே கழற்றி வாளியில் போடச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை வாக்கில் பாதி வழியில் நிறுத்திவிட்டுக் கழிப்பறைக்கு ஓடினான். பாதி தரையில், பாதி கோப்பையில். அதுதான் திருப்பம். தொடங்கியதை நிறுத்த முடிந்தால் தசை அவன் பேச்சைக் கேட்க ஆரம்பித்துவிட்டது என்று பொருள்.

செவ்வாய்க்கிழமை நிலையத்தில் எதிர்பாராத சிக்கல். வீட்டில் ஓரளவு சொல்லத் தொடங்கியவன் அங்கே நாள் முழுக்க நனைந்தான். விசாரித்தால், அவன் "உச்சா, உச்சா" என்று சொல்லியிருக்கிறான், சீன ஆசிரியைக்கு அது புரியவில்லை. அன்றைக்கே அந்தச் சொல்லை எழுதிக் கொடுத்து, வயிற்றைத் தட்டிக் காட்டும் ஒரு சைகையையும் சேர்த்துச் சொன்னாள் தங்கை. தமிழ் ஆசிரியை இல்லாத வகுப்பென்றால் இதை முதல் நாளே செய்துவிடுங்கள். கூடவே இடுப்பில் எலாஸ்டிக் வைத்த காற்சட்டைகள், நாலைந்து மாற்றுத் துணி, நனைந்ததைப் போட ஒரு பை, நீரில் கழுவக்கூடிய செருப்பு. பொத்தான் வைத்த ஜீன்ஸ் வேண்டாம். அப்புறம், மத்தியானத் தூக்கத்துக்கு டயப்பர் போடலாமா என்பதை ஆசிரியரோடு பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள். சில வாரம் போடுவதில் தப்பில்லை, எழுந்ததும் கழற்றிவிட வேண்டும்.

கடைத்தொகுதிக் கழிப்பறையில் இன்னொரு தொல்லை, தானாகத் தண்ணீர் விடும் கோப்பை. உட்கார்ந்திருக்கும்போதே அது சீறினால் பிள்ளை அதோடு பொதுக் கழிப்பறையையே வெறுத்துவிடும். உணர்கருவிக் கண்ணின் மேல் ஒரு துண்டு ஒட்டுத்தாளை ஒட்டிவிட்டு உட்கார வைத்தால் போதும்.

இரண்டு வாரத்தில் நனைவது குறைந்துகொண்டே வர வேண்டும், பிள்ளை தானாக ஓரிருமுறையாவது சொல்ல வேண்டும். இரண்டும் இல்லையென்றால் டயப்பரைத் திரும்பப் போட்டு ஒன்றிரண்டு மாதம் விட்டுவிடலாம். தண்டனை மாதிரி இல்லாமல், "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சாதாரணமாக.

ஆய் தனி வழக்கு

உச்சாவில் தேறிய பிள்ளை ஆய்க்கு மட்டும் டயப்பர் கேட்பது மிகவும் சகஜம். மறுத்தால் அடக்கும். அடக்கினால் இறுகும், இறுகினால் வலிக்கும், வலித்ததால் இன்னும் அடக்கும். இந்தச் சுழலுக்குள் போய்விட்டால் கழிப்பறைப் பழக்கம் பின்னுக்குப் போய், மலச்சிக்கல் முன்னுக்கு வந்துவிடும். ஆகவே டயப்பர் கேட்டால் கொடுங்கள், ஆனால் கழிப்பறைக்குள் நின்று போகட்டும். சில நாள் கழித்து டயப்பரோடு கோப்பையில் உட்காரட்டும். அதன்பின் டயப்பரைத் தளர்த்தி, கடைசியில் கழற்றிவிடலாம். அவசரப்பட்டு எந்தப் படியையும் தாண்ட வேண்டாம்.

கால்விரல் நுனியில் நின்று, காலைப் பின்னிக்கொண்டு, உடம்பை விறைப்பாக்கி மூலையில் நிற்கும் பிள்ளை முக்குகிறது என்று நினைப்போம். பெரும்பாலும் அடக்குகிறது. ஆட்டுப் புழுக்கை மாதிரி உருண்டையாக வருவது, ஜட்டியில் கறைபோல அடிக்கடி ஒட்டியிருப்பது, இவையும் மலச்சிக்கலின் அடையாளம். இந்தக் கறையைச் சோம்பேறித்தனம் என்று அடிப்பவர்களும் உண்டு, வயிற்றுப்போக்கு என்று அரிசிக் கஞ்சி கொடுப்பவர்களும் உண்டு. உள்ளே இறுகிக் கிடப்பதைச் சுற்றி இளகியது வழிகிறது, பிள்ளைக்கு அது தெரியவே தெரியாது. அப்போது பலதுறை மருந்தகத்திலோ குழந்தை மருத்துவரிடமோ காட்டி, மலத்தை இளக்கும் மருந்தோடு முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். நாளெல்லாம் பால் பாட்டிலும் கையுமாக இருக்கும் பிள்ளைகளிடம் இதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இரவு: இங்கே தேர்வு செய்ய அதிகம் இல்லை

பகலில் தேறியதும் "ராத்திரி டயப்பரையும் எடுத்துடலாமா" என்று கேட்பார்கள். பகல் பழக்கம் கற்றுக்கொள்வது, இரவு காய்ந்திருப்பது வளர்வது. தூக்கத்தில் சிறுநீர் உற்பத்தியைக் குறைக்கும் ஹார்மோன் இரவில் போதிய அளவு சுரக்க வேண்டும், மூத்திரப்பை அந்த அளவைத் தாங்க வேண்டும், நிறைந்துவிட்டால் மூளை எழுப்ப வேண்டும். இவை முதிர ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு காலம். நட்சத்திர ஒட்டுப்படம் கொடுத்தாலும் தூங்கும் பிள்ளைக்கு அது எட்டாது.

5 வயதில் ஏறத்தாழ ஆறேழு பேரில் ஒருவர் இன்னும் படுக்கையை நனைக்கிறார். அந்த வயதுவரை மருத்துவர்கள் அதை ஒரு குறையாகவே எண்ணுவதில்லை. அதன்பிறகும் ஒவ்வோர் ஆண்டும் ஏழில் ஒருவர் வாக்கில் தானாகவே விடுபடுகிறார்கள். பரம்பரையும் பெரிய காரணம். தாய் தகப்பன் இருவருக்கும் சிறுவயதில் இருந்திருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு பத்தில் ஏழு என்ற அளவில். அம்மாச்சியிடம் தனியாகக் கேட்டுப் பாருங்கள், பெரிய மனுஷர் ஒருவரின் பழைய ரகசியம் வெளியே வரும்.

இரவுக்கும் மூன்று வழி பேசப்படுகிறது. டயப்பரோடு காத்திருப்பது முதல் வழி. காலையில் டயப்பர் தொடர்ந்து ஒன்றிரண்டு வாரம் காய்ந்தோ லேசான ஈரத்தோடோ இருந்தால் கழற்றிப் பார்க்கலாம். நனைந்தால் திரும்பப் போட்டுவிடலாம். இரண்டாவது, பெற்றோர் தூங்கப்போகும் முன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டுபோய் அரைத்தூக்கத்தில் உட்கார வைப்பது. விரிப்பு மிச்சமாகும், அவ்வளவுதான். பிள்ளை எழக் கற்றுக்கொள்வதில்லை. பயணத்தில், உறவினர் வீட்டில் தங்கும்போது செய்யலாம். மூன்றாவது, மாலைக்கு மேல் தண்ணீரே கொடுக்காமல் இருப்பது. இந்தச் சூட்டில் அது சரியில்லை, பகலில் குடிப்பது குறைந்தால் மலச்சிக்கலும் வரும். பகலில் நன்றாகக் குடிக்கட்டும், படுக்கப்போகும் நேரத்துப் பாலை மட்டும் ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்திவிட்டு, படுக்கும் முன் கழிப்பறைக்கு அனுப்புங்கள்.

நான் முதல் வழிக்காரி. கழற்றும் வாரத்தில் மெத்தைமேல் நீர்புகா விரிப்பு, அதன்மேல் சாதா விரிப்பு, மறுபடி ஒரு நீர்புகா விரிப்பு, ஒரு சாதா விரிப்பு என்று அடுக்கிவையுங்கள். நடுராத்திரி நனைந்தால் மேல் இரண்டை உருவினால் கீழே படுக்கை தயார். ஈரத்தில் சத்தம் எழுப்பும் அலாரமும் மாத்திரையும் இருக்கின்றன. அவை பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு, மருத்துவரோடு பேசிய பிறகு.

என் தங்கை மகன் பகலில் மூன்று வயதுக்குள் தேறினான். இரவு டயப்பர் நர்சரி 2 வரை போனது. அவனுடைய பிளேகுரூப்பில் இருந்த ஒரு பெண் குழந்தை பகலில் தேறிய அதே மாதம் இரவிலும் காய்ந்தது. வளர்ப்பில் ஒரு வித்தியாசமும் இல்லை.

காத்திருக்கக் கூடாத சில உண்டு. ஆறு மாதமோ அதற்கு மேலோ காய்ந்திருந்த பிள்ளை திடீரென நனைக்கத் தொடங்குவது, போகும்போது எரிகிறது என்று அழுவது, காரணம் தெரியாத காய்ச்சல், ஓயாத தாகத்தோடு அடிக்கடி நிறையப் போவது, பகலெல்லாம் சொட்டிக்கொண்டே இருப்பது, நீர் மெல்லிய நூலாக மட்டும் வருவது. இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். தாகமும் எடைக்குறைவும் சேர்ந்திருந்தால், காய்ச்சலோடு எரிச்சல் இருந்தால் அன்றைக்கே. இவை எதுவும் இல்லாமல் பகலில் 4 வயது தாண்டியும் அடிக்கடி நனைந்தாலும், இரவில் 6, 7 வயதுக்கு மேலும் தொடர்ந்தாலும் பலதுறை மருந்தகத்தில் ஒரு சந்திப்பு எடுங்கள். தேவையென்றால் அங்கிருந்து கேகே மகளிர், சிறார் மருத்துவமனைக்கோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கோ எழுதிக் கொடுப்பார்கள். போகும்போது மூன்று நான்கு நாளுக்கு எத்தனை மணிக்குப் போனான், எத்தனை மணிக்கு நனைந்தான், எப்போது ஆய் வந்தது, எப்படி இருந்தது என்று எழுதி எடுத்துப்போங்கள். மருத்துவர் முதலில் கேட்பதும் அதைத்தான்.